பெல்ட் ஓட்டையில் தெரிவது

குளுவாங்கில் எந்தச் செருப்புக் கடைக்குள் போனாலும், பசார் மாலாமில் பெல்ட் தொங்கவிட்டிருக்கும் எந்தக் கடையில் நின்றாலும் ஒரே முத்திரையைத்தான் பார்க்கலாம்: ‘ஜென்யூன் லெதர்’. 25 ரிங்கிட் பெல்ட்டின் உள்பக்கத்திலும் அது இருக்கும், 250 ரிங்கிட் பெல்ட்டிலும் இருக்கும். இரண்டு இடத்திலும் அது பொய்யாக இல்லாமல் இருக்கலாம் என்பதுதான் விஷயம். அந்தச் சொற்கள் சொல்வது, இந்தப் பொருளில் எங்கேயோ ஒரு மிருகத்தின் தோல் இருக்கிறது என்பதை மட்டும்தான். தோலின் எந்தப் பகுதி, அதை என்ன செய்தார்கள், அது எத்தனை வருடம் தாங்கும் என்பதை எல்லாம் அந்த முத்திரை சொல்வதில்லை. தவுக்கேயைக் கேட்டால் “இனி கூலிட் பெத்துல், தம்பி” என்பார். அவர் ஏமாற்றுகிறார் என்றும் சொல்ல முடியாது. அவருக்குப் பெட்டியோடு வந்த தகவல் அவ்வளவுதான்.

நான் ஸ்கூடாயில் பாலிமர் பொறியியல் படித்தவன். இப்போது குளுவாங்கில் ஒரு பிளாஸ்டிக் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை. தோல் என் துறை இல்லை. ஆனால் கடையில் தோல் என்று விற்கப்படும் பொருளில் பாதிக்கு மேல் என் துறைதான் இருக்கிறது என்பது, எங்கள் வீட்டு சோபா உரிய ஆரம்பித்தபோது தெரிந்தது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் தோல் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம்.

*

நம் ஊர்த் திருவிழாவில் தப்பு அடிப்பவர்கள் ஆட்டம் தொடங்கும் முன் காகிதத்தைக் கொளுத்தி அந்தச் சூட்டில் தப்பைக் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். தப்பில் இருப்பது பதனிடாத தோல். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் தொய்ந்துவிடும். சூடு காட்டினால் ஈரம் போய் மறுபடி இறுகும். அதையே தண்ணீரில் ஊறப் போட்டு விட்டுவிட்டால் அழுகிவிடும். அழுகாமல் இருக்க, தோலின் புரதமான கொல்லாஜன் இழைகளை வேறொரு பொருளால் கட்டிப்போட வேண்டும். இதுதான் பதனிடுதல். தமிழ்நாட்டில் பழைய முறைக்கு ஆவாரம் பட்டையை ஊறவைத்த நீர். பிறகு வந்தது குரோமியம் உப்பு. சென்னையில் குரோம்பேட்டை என்ற பெயரே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியால் வந்ததுதான்.

பதனிடுவதற்கு முன்பு தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து மயிரையும் மேல்தோலையும் நீக்குவார்கள். டி. செல்வராஜின் ‘தோல்’ நாவலை வாசித்தவர்களுக்கு இந்த வேலையை யார் செய்தார்கள், அது அவர்களை என்ன செய்தது என்பது தெரியும். திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர்களைப் பற்றிய அந்த நாவலுக்கு 2012இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. நான் இங்கே சொல்ல வருவது அந்தக் குழியிலிருந்து வெளியே வந்த தோலின் உடம்பைப் பற்றி.

மயிர் போன பிறகு மேலே தெரியும் பரப்புக்குத்தான் கிரெய்ன் என்று பெயர். மயிர்க்கால் இருந்த இடமெல்லாம் நுண்ணிய துளைகளாக இருக்கும். இந்த மேல்பகுதியில் இழைகள் மிகவும் மெல்லியவை, நெருக்கமானவை. கீழே போகப் போக அவை தடித்து, கயிறு கயிறாகி, ஒன்றின் ஊடே ஒன்று பின்னிக்கொண்டு ஓடும். தோலின் பலம் கீழே இருக்கும் அந்தப் பின்னலில் இருக்கிறது. அழகும், தேய்மானத்தைத் தாங்கும் குணமும் மேலே இருக்கின்றன. இந்த இரண்டும் ஒட்டவைக்கப்பட்டவை அல்ல, ஒரே இழைகளின் தொடர்ச்சி. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொண்டால் கடையில் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

மாட்டுத் தோல் 4, 5 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். காலணியின் மேல்பகுதிக்கு ஒன்றரை மில்லிமீட்டர் போதும். அதனால் வளையமாகச் சுற்றும் நீண்ட கத்திக்குள் தோலை விட்டு, ரொட்டியைப் படுக்கை வாட்டத்தில் அறுப்பதுபோல அடுக்குகளாகப் பிரிக்கிறார்கள். மேலடுக்கில் கிரெய்ன் இருக்கும். கீழடுக்கில் இருக்காது. அதன் இரண்டு பக்கமும் பஞ்சு பஞ்சாக இருக்கும். அந்தக் கீழடுக்குக்கு ஸ்ப்ளிட் என்று பெயர். அதுவும் மாட்டுத் தோல்தான், ‘ஜென்யூன்’தான்.

*

இனி மூன்று பெயர்கள்.

மேலடுக்கை எடுத்து, கிரெய்னை உரசாமல், இருந்தபடியே சாயம் ஏற்றி முடித்தால் அது ஃபுல் கிரெய்ன். மாடு முள்வேலியில் கிழித்துக்கொண்டது, உண்ணி கடித்தது, கழுத்து மடிப்பு எல்லாம் அதில் தெரியும். பெரிய காயம் இல்லாத தோல்கள் குறைவாகத்தான் கிடைக்கும். இதன் விலைக்கு முக்கியக் காரணம் இது.

காயம் நிறைய இருக்கும் தோலை என்ன செய்வது? மேல்பரப்பை உப்புத்தாள் போன்ற சுழலும் உருளையில் தேய்த்துக் காயங்களை மட்டப்படுத்துவார்கள். தேய்த்ததில் தளர்ந்துபோன இழைகளைப் பிசின் ஊற்றி இறுக்குவார்கள். மேலே நிறமி கலந்த பூச்சு. கடைசியில் சூடான உலோகத் தகட்டால் அழுத்தி, செயற்கையாக ஒரு கிரெய்ன் வடிவத்தைப் பதிப்பார்கள். இது கரெக்டட் கிரெய்ன். உள்ளே இருப்பது உண்மையான தோல்தான். முகம் மட்டும் நாம் செய்தது. இந்தப் பூச்சு எவ்வளவு கனமாக இருக்கலாம் என்பதற்கு ஐரோப்பியத் தரநிலை ஒரு கோடு போட்டிருக்கிறது. 0.15 மில்லிமீட்டருக்குள் இருந்தால் அதை வெறுமனே லெதர் என்று சொல்லலாம். அதைத் தாண்டினால் ‘பூச்சிட்ட தோல்’ என்று சொல்ல வேண்டும். அதிலும் பூச்சு மொத்தத் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஸ்ப்ளிட்டின் மேல் பாலியூரித்தேன் படலம் ஒட்டி விற்கும் பல பைகள் இந்த இரண்டாவது வகையில்தான் வரும், அல்லது அதற்கும் வெளியே போய்விடும்.

மூன்றாவது பாண்டட் லெதர். தோலின் தடிமனைச் சரிசெய்யும்போது சீவல் சீவலாக விழும் குப்பையை அரைத்து, லேடெக்ஸ் அல்லது பாலியூரித்தேன் பசையில் குழைத்து, காகிதம் செய்வதுபோல் தாளாக்கி, துணியில் ஒட்டி, மேலே ஒரு பிளாஸ்டிக் படலத்தைப் போட்டு, அதில் தோல் வடிவத்தைப் பதிப்பார்கள். அதே ஐரோப்பியத் தரநிலை இதில் தெளிவாக இருக்கிறது: தோலை இழைகளாகவோ தூளாகவோ சிதைத்துத் திரும்பச் சேர்த்தால் அதை லெதர் என்று சொல்லக் கூடாது. அமெரிக்க வழிகாட்டு விதியோ, பாண்டட் லெதர் என்று விற்றால் அதில் எத்தனை சதவீதம் தோல் இழை என்றும் எழுதச் சொல்கிறது.

ஜொகூர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். பக்கத்தில் மூவாரில்தான் நாட்டின் மரச்சாமான் தொழிலே இருக்கிறது. ஃபுல் கிரெய்ன் என்பது பலகை. கரெக்டட் கிரெய்ன் என்பது இழைத்துப் பெயின்ட் அடித்த பலகை. பாண்டட் லெதர் என்பது மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய சிப்போர்டு. சிப்போர்டிலும் மரம் இருக்கிறது. ஆனால் அதில் ஆணி அடித்துப் பார்த்தவருக்கு வித்தியாசம் தெரியும்.

*

எங்கள் சோபாவுக்கு வருகிறேன். நான் கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது தீபாவளிக்கு முன்பு அம்மா மாதத் தவணையில் வாங்கியது. கருஞ்சிவப்பு, மூன்று பேர் உட்காரக்கூடியது. ரசீதில் ‘கூலிட் அஸ்லி’ என்று கையால் எழுதியிருந்தது. தவணை முடிந்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை, உட்காரும் இடத்தில் சின்னச் சின்னச் செதிலாக உரியத் தொடங்கியது. வீட்டுக்கு வந்து எழுந்து போகிறவர்களின் சட்டையில் சிவப்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டு போயின. அம்மா கடைக்குப் போய்க் கேட்டார். கடைக்காரர் நேரில் வந்து பார்த்துவிட்டு, “தோலை ஈரத் துணியால துடைக்கக் கூடாதுக்கா. நீங்க பராமரிக்கல” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா தினமும் துடைத்தது உண்மை. அதனால் அவர் அதை நம்பிவிட்டார். சொந்தக்காரர்கள் வந்தால், அவர்கள் கேட்பதற்கு முன்பே “நாந்தான் துடைச்சுத் துடைச்சுக் கெடுத்துட்டேன்” என்று சொல்லத் தொடங்கினார். சோபாமேல் பெட்ஷீட் விரித்தார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மலிவாக வாங்கினால் இப்படித்தான் என்ற அர்த்தத்தில் அவருக்கு ஒரு பெருமூச்சு இருந்தது. 24 மாதம் தவணை கட்டியது அம்மாவின் சம்பளத்திலிருந்து.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சோபாவைக் கவிழ்த்துப் போட்டேன். அடியில் சட்டத்தோடு சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்திருந்த இரண்டு விரல் அகலத் துண்டை பிளேடால் வெட்டி எடுத்தேன். குறுக்குவெட்டில் பத்து மடங்கு பெருக்கும் சின்ன லென்ஸை வைத்துப் பார்த்தால் மூன்று கோடுகள். மேலே சிவப்பாக, பெயின்ட் மாதிரி ஒரு படலம். நடுவில் அட்டைக் காகிதம்போலப் பழுப்பு நிறத்தில், எந்தத் திசையும் இல்லாத ஒரு பொடி அடுக்கு. கீழே நெய்த துணியின் நூல், மேலும் கீழும் தெளிவாகப் போய்வந்தது. எல்லாம் சேர்த்து ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மாட்டுத் தோலில் நெய்த நூல் இருக்க முடியாது. பின்பக்கம் துணி தெரிந்தால் மேற்கொண்டு சோதிக்க வேண்டியதே இல்லை.

பிறகு கொல்லைப்புறத்தில் இடுக்கியால் பிடித்து ஒரு நுனியைக் கொளுத்தினேன். மேல்படலம் சுருண்டு உருகியது. நடு அடுக்கு கருகி, மயிர் பொசுங்கும் வாடை வந்தது. ஆக, தோல் இருந்தது. தூளாக.

ஏன் உரிந்தது என்பது எனக்குப் பாடப் புத்தகத்தில் வந்த விஷயம். மலிவான பாலியூரித்தேனில் பெரும்பாலும் எஸ்டர் பிணைப்புகள் இருக்கும். தண்ணீர் மூலக்கூறு அந்தப் பிணைப்பை மெல்ல வெட்டும். வெட்டுப்பட்ட இடத்தில் அமிலம் உண்டாகும், அந்த அமிலம் அடுத்த பிணைப்பை வெட்டுவதை வேகப்படுத்தும். இதற்குத் துணி ஈரம் தேவையில்லை, காற்றின் ஈரமே போதும். வெப்பம் கூடினால் வேகமும் கூடும். நம் ஊரில் இரண்டும் வருடம் முழுக்க இருக்கின்றன. பெட்டியில் பத்திரமாக எடுத்துவைத்த காலணியின் அடிப்பாகம் சில வருடம் கழித்துக் கேக் மாதிரி உதிர்வதும் இதே காரணத்தால்தான். துடைத்ததால் கெட்டது என்றால், துடைக்காத இடம் நன்றாக இருந்திருக்க வேண்டும். நான் வெட்டியெடுத்த துண்டு வெளிச்சமே படாத இடத்தில் இருந்தது. துணியும் பட்டதில்லை, யாரும் உட்கார்ந்ததும் இல்லை. அதை இரண்டு விரலால் மடித்தேன். படலம் விரிசல் விட்டு என் விரலோடு வந்தது.

அதை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தத் துண்டைத் தானே மடித்துப் பார்த்தார். திரும்பத் திரும்ப, வேறு வேறு இடத்தில். “அப்போ துணி படாத எடத்துலயும் இப்படித்தானா?” என்று கேட்டார். “ஆமாம்மா.” கொஞ்ச நேரம் கழித்து, “ரசீத எடுத்து வச்சிருக்கேன்” என்றார்.

பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் மனு போட 5 ரிங்கிட்தான் கட்டணம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளைக் கொண்டுபோகலாம், வழக்கறிஞர் தேவையில்லை. கோருவதற்கான காரணம் எழுந்து மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டத்தின்படி, பொருளைப் பற்றிப் பொய்யான விவரிப்பு கொடுத்து விற்பது குற்றம். ‘கூலிட் அஸ்லி’ என்று ரசீதில் கையால் எழுதிக் கொடுத்தது எங்களுக்கு உதவியது. விசாரணை நாளுக்கு முன்பே கடைக்காரர் கூப்பிட்டு, பாதிப் பணம் திருப்பித் தருகிறேன் என்றார். அம்மா ஒப்புக்கொண்டார். எனக்கு முழுப் பணமும் கேட்கலாம் என்று இருந்தது. அவருக்கு வேண்டியது வேறு என்பது, அடுத்த முறை அத்தை வந்தபோது தெரிந்தது. “அது தோலே இல்ல, தூளு” என்று அம்மா விளக்கிக்கொண்டிருந்தார்.

*

சோபாவைக் கடையில் கவிழ்க்க முடியாது. பிளேடும் எடுத்துப்போக முடியாது. ஆனால் கடையில் இருக்கும் பல பொருள்களில் வெட்டுமுகம் ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது. பெல்ட்டின் ஓட்டைதான் அதில் சுலபமானது. பெல்ட்டின் ஓரத்துக்குப் பெரும்பாலும் கறுப்பு மை பூசி அடுக்கை மறைத்துவிடுவார்கள். ஓட்டை பெரும்பாலும் பூசாமல் இருக்கும். கைப்பேசி வெளிச்சத்தைப் போட்டு, பெல்ட்டைக் கொஞ்சம் வளைத்து, ஓட்டையின் சுவரைப் பாருங்கள்.

ஒரே தோலில் செய்த பெல்ட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே பொருள் தெரியும். மேலே இறுக்கமாகவும் கீழே கொஞ்சம் பஞ்சாகவும் மாறும், ஆனால் அந்த மாற்றம் படிப்படியாக இருக்கும், கோடு விழாது. கரெக்டட் கிரெய்னில் உச்சியில் மட்டும் பெயின்ட் தோல்போல ஒரு மெல்லிய கோடு, அதற்குக் கீழே இழை. மலிவான பெல்ட்டில் சாண்ட்விச் தெரியும்: மேலும் கீழும் மெல்லிய ஸ்ப்ளிட், நடுவில் அட்டைபோல ஒரு நிரப்பல், இரண்டு பசைக் கோடு. அந்த அட்டைதான் பெரும்பாலும் பாண்டட் லெதர். பெல்ட் ஓட்டை நீள்வட்டமாக இழுபட்டுக் கடைசியில் கிழிவது இந்த வகையில்தான் அதிகம், ஏனென்றால் இழுவையைத் தாங்க அதில் பின்னிய இழை இல்லை.

ஓட்டை இல்லாத பொருளில் பார்க்க வேறு இடங்கள் உண்டு. பர்ஸில் அட்டை செருகும் இடத்தின் உள்விளிம்பு, பையில் வாரைப் பிடிக்கும் வளையத்துக்கு அடியில் மடிந்த நுனி, காலணியில் நாக்குப் பகுதியின் ஓரம்.

மேல்பரப்பைப் பார்க்கும்போது நான் தேடுவது ஒழுங்கை. தகட்டால் பதித்த வடிவம் எங்கும் ஒரே மாதிரி இருக்கும். கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் அதே பள்ளம் திரும்ப வரும். ஃபுல் கிரெய்னில் துளைகள் ஓர் இடத்தில் நெருக்கமாகவும் இன்னோர் இடத்தில் அகலமாகவும் இருக்கும். கட்டை விரலால் அழுத்தினால் நுண்ணிய சுருக்கங்கள் விரலைச் சுற்றி விரிந்து, எடுத்ததும் மறையும். கனமான பூச்சு இருந்தால் சுருக்கம் தடிப்பாக விழும், அல்லது குழி மட்டும் விழும். ஆனால் இந்தச் சோதனையைத் தனியாக நம்ப வேண்டாம். மைக்ரோஃபைபர் மேல் பாலியூரித்தேன் போட்ட நல்ல போலி இதில் தேறிவிடும். அதன் பின்பக்கமும் தோல்போலப் பஞ்சாகவே இருக்கும். வெட்டுமுகத்தில்தான் மாட்டிக்கொள்ளும்: மேலிருந்து கீழ்வரை ஒரே சீரான மெல்லிய இழை, தலையில் ஒரு படலம்.

மோப்பம் பிடிப்பதை விட்டுவிடலாம். பாண்டட் லெதரில் தோல் தூள் இருப்பதால் அதுவும் தோல் வாடைதான் அடிக்கும். வாடையைத் தனியாக ஏற்றவும் முடியும். தண்ணீர்ச் சொட்டு விட்டுப் பார்ப்பதும் பாதிதான் உதவும். தண்ணீரைக் குடித்து நிறம் அடர்ந்தால் அது பூச்சு குறைந்த தோல் என்று சொல்லலாம். குடிக்கவில்லை என்றால் அதிலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது, நல்ல கரெக்டட் கிரெய்னும் குடிக்காது. கொளுத்திப் பார்ப்பது பற்றி யூடியூபில் நிறைய இருக்கிறது. கடையில் முயன்றால் தவுக்கே நம்மைக் கொளுத்திவிடுவார்.

*

போன மாதம் தம்பிக்கு நேர்முகத் தேர்வு. கறுப்புக் காலணி வேண்டும், 200 ரிங்கிட்டுக்குள். டவுனில் ஒரு கடைக்குப் போனோம். அவன் மூன்று ஜோடி எடுத்து வைத்தான்: 59, 129, 189.

காலணியில் ஒரு வசதி இருக்கிறது. 1994இல் ஐரோப்பா ஒரு விதி கொண்டுவந்தது: அங்கே விற்கும் காலணிகளில் மேல்பகுதி, உள்பகுதி, அடிப்பகுதி மூன்றும் எதனால் ஆனவை என்று படமாகவோ எழுத்தாகவோ காட்ட வேண்டும். பல நாடுகளுக்கும் சேர்த்தே தயாரிப்பதால் இங்கே வரும் ஜோடிகளிலும் அந்தச் சின்ன ஒட்டு அடிக்கடி இருக்கும். விரித்த மிருகத் தோலின் வடிவம் இருந்தால் தோல். அதற்குள்ளே ஒரு சாய்சதுரம் இருந்தால் பூச்சிட்ட தோல். பின்னல் கட்டம் என்றால் துணி. வெறும் சாய்சதுரம் என்றால் மற்றவை, அதாவது பிளாஸ்டிக் வகை. மேல்பகுதியின் பரப்பில் குறைந்தது 80 சதவீதம் எதுவோ, அதன் படம்தான் வரும். அதனால் மிச்சம் இருபதில் வேறு பொருள் இருக்கலாம்.

59 ரிங்கிட் ஜோடியில் மூன்று இடத்திலும் வெறும் சாய்சதுரம். அது மறைக்கவே இல்லை. 129இல் உள்ளே தங்க எழுத்தில் ‘ஜென்யூன் லெதர்’, ஒட்டில் தோலுக்குள் சாய்சதுரம். தம்பி சிரித்தான். “ண்ணே, இவனே சொல்றான் பாரு.” 189இல் மேல்பகுதிக்குத் தோல் வடிவம். நாக்கின் ஓரத்தில் பார்த்தேன், மெல்லிய பூச்சுக் கோடு, கீழே நல்ல இழை. மேலே துளை வடிவம் சீராக இருந்தது. கரெக்டட் கிரெய்ன்.

“அப்போ இதுவும் நல்லதில்லையா?”

நல்லதுதான். இதைச் சொல்லியாக வேண்டும். கிரெய்னின் பெயர் மேல்பரப்பை என்ன செய்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறது. மோசமாகப் பதனிட்ட ஃபுல் கிரெய்ன் வெடிக்கும். நல்ல தோலில் செய்த கரெக்டட் கிரெய்ன் பல வருடம் உழைக்கும். மழையில் மோட்டார்சைக்கிளில் போகிறவனுக்கு, துடைத்தால் பளபளக்க வேண்டிய கறுப்புக் காலணிக்கு, அந்தப் பூச்சு உதவியும் செய்யும். ஃபுல் கிரெய்னுக்கு இந்த ஊரில் வேறொரு தொல்லை உண்டு. அலமாரியில் வைத்து மறந்தால் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். ஆனால் பூஞ்சையைத் துடைத்துக் காயவைத்தால் தோல் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். உரியத் தொடங்கிய பாலியூரித்தேனுக்கு அந்த வழி இல்லை.

உள்பகுதியைத் தம்பி திருப்பிப் பார்த்தான். அவனுடைய மலாய் நண்பன் சொல்லிக் கொடுத்திருக்கிறான்: உட்புறத் தோலில் துளைகள் மூன்று மூன்றாக முக்கோணமாக இருந்தால் அது பன்றித் தோல். இங்கே அப்படி இல்லை. எங்களுக்கு அது தடையில்லை என்றாலும் பார்க்கக் கற்றுக்கொள்வது நல்லதுதான். பன்றித் தோலில் அந்த முக்கோணம் உண்மையிலேயே அப்படித்தான் இருக்கும்.

பெட்டியில் ‘மேட் இன் இந்தியா’ என்றிருந்தது. ஆம்பூரா, ராணிப்பேட்டையா என்று போடவில்லை. அந்தப் பக்கத்துப் பாலாற்றில் தோல் ஆலைக் கழிவு கலந்ததற்காக 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையைப் பேசும்போது இந்தியாவில் இன்றும் காட்டும் வழக்கு அது. உண்மையான தோல் என்பதால் அது சுத்தமான பொருள் ஆகிவிடாது. தோல் காலணியை நான் நியாயப்படுத்துவது ஒரே காரணத்தால்தான்: பத்து வருடம் போட்டால் ஒன்று போதும், இரண்டு வருடத்தில் உரிந்தால் ஐந்து வேண்டும்.

அந்தக் கணக்குக்குக் கடைசியாகப் பார்க்க வேண்டியது மேல்பகுதியே இல்லை, அடிப்பகுதி. மேலே எவ்வளவு நல்ல தோல் இருந்தாலும், அடியில் எஸ்டர் வகைப் பாலியூரித்தேன் இருந்தால் நம் ஊர்க் காற்றில் அது முதலில் போகும். மிகவும் லேசாக, அழுத்தினால் பஞ்சுபோல அமுங்கினால் எனக்குச் சந்தேகம் வரும். கடையில் நெடுநாள் கிடந்த சரக்கு என்றால் அதன் ஆயுளில் பாதி பெட்டிக்குள்ளேயே போயிருக்கும். 189 ஜோடியில் அடிப்பகுதி ரப்பர், ஓரத்தில் சுற்றிலும் தையல். அந்தத் தையல் அடிப்பகுதிவரை இறங்குகிறதா என்று திருப்பிப் பார்த்தேன். சில காலணிகளில் ஓரத்துத் தையல் வெறும் அலங்காரம், கீழே பசை மட்டும்தான். இதில் கீழே பள்ளத்துக்குள் நூல் தெரிந்தது.

டவுனில் அஞ்சடியில் உட்கார்ந்து செருப்புத் தைக்கும் அண்ணன் ஒருவரிடம் இதையெல்லாம் ஒருமுறை சொன்னேன். ஃபுல் கிரெய்ன், கரெக்டட் கிரெய்ன் என்ற பெயரெல்லாம் அவர் கேள்விப்பட்டதில்லை. “ஊசி போட்டா தாங்குதா, இல்ல ஊசி போட்ட எடத்துலேர்ந்து கிழியுதா, அவ்ளோதான் தம்பி” என்றார். இழை பின்னியிருக்கிறதா, பொடியா என்பதற்கு அதைவிடச் சுருக்கமான சோதனை எனக்குத் தெரியாது. அவரிடம் வருவதில் எதைத் தைக்க மறுப்பார் என்றும் கேட்டேன். உரிந்துகொண்டிருந்த ஒரு கைப்பையைக் காட்டினார். யாரோ விட்டுவிட்டுப் போனது, திரும்ப வந்து எடுக்கவே இல்லையாம்.

தம்பி 189ஐ எடுத்துக்கொண்டான். தவுக்கேயிடம் பெல்ட்டும் கேட்டான். அவர் ஒன்றை எடுத்து நீட்டியதும், என்னைக் கேட்காமலே கைப்பேசி வெளிச்சத்தைப் போட்டு ஓட்டைக்குள் பார்த்தான். திருப்பிக் கொடுத்துவிட்டு, “வேற இருக்கா?” என்றான்.